நான் வந்தால் ஓடிப்போகும் கோளாறு

ரூட்டர், சுவிட்ச் என்று கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மைசூரில் நாலைந்து கல்லூரிகளுக்கும் சில கம்பெனிகளுக்கும் நான்தான் நெட்வொர்க் வைத்தியர். வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. தோளில் லேப்டாப் பையோடு நான் உள்ளே நுழைந்தால் குமாஸ்தாக்கள் எழுந்து நின்று நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலிக்குத் தகுதியான அறிவு எனக்கு இருந்ததா என்பதுதான் இந்தக் கதை.

ஹுணசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டடத்தில் தேர்வுப் பிரிவு இருந்தது. அங்கே இருந்த நாலு கம்ப்யூட்டர்களிலும் நெட் திடீர் திடீரென்று படுத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். மாணவர்களின் ஹால் டிக்கெட் அச்சாவது பாதியில் நின்றுபோகும். போன் வரும், நான் பைக்கில் போவேன்.

எனக்கு ஒரு வழக்கம். எங்கே போனாலும் முதல் வேலையாக அந்த நெட்வொர்க் முழுவதிலும் இருக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் வரிசையாகப் பிங் அனுப்புவேன், கிளம்பும்வரை அதை நிறுத்த மாட்டேன். 'இருக்கிறாயா?' என்று கேட்பது பிங், 'இருக்கிறேன்' என்பது பதில். பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. எல்லாம் பதில் சொல்லும். நெட்டும் பளபளவென்று ஓடும். காபி வரும், குடிப்பேன். 'நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, கேபிளில் கோளாறு இருக்கலாம்' என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்புவேன். நான் மெயின் கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடி படுத்துவிடும்.

கேபிளைப் போட்டவர் கொள்ளேகால்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அந்தக் கல்லூரிக்கு நிரந்தரமாக வந்துபோகும் கேபிள் கான்ட்ராக்ட்காரர். வேறு வேலை பெரிதாக எதுவும் இல்லை, அந்த ஒரு கான்ட்ராக்டில்தான் வீடு ஓடியது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். என் அறிக்கை ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் முட்டி போட்டு உட்கார்ந்து கேபிள் முனைகளை வெட்டி, புதுப் பிளக் வைத்து இடுக்கியால் அழுத்திக் கிரிம்ப் செய்வார். டெஸ்டரைச் சொருகினால் கேபிள் சரி என்று எட்டு விளக்கும் பச்சையாக எரியும். மூன்றாவது தடவை டெஸ்டரை என் கண் முன்னால் நீட்டிவிட்டுச் சொன்னார்:

"நீங்க வந்தீங்கன்னா சரியாயிருதுங்க சார். நீங்க போனீங்கன்னா அஞ்சு நிமிசத்துல மறுக்கா படுத்துக்குது. கேபிளுக்கு நீங்க வந்தது எப்படிங்க தெரியும்?"

"என் மூஞ்சிக்கு மரியாதை கொடுக்குது அண்ணா," என்றேன். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, டெஸ்டரைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த நகைச்சுவைக்காக இன்றுவரை என்னை நானே உதைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அறிக்கைகள் மூன்றையும் நிர்வாக அலுவலர் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தார். தேர்வு நெருங்கியதும் ஃபைலைத் திறந்தார். அடுத்த வாரம் அண்ணாவின் கான்ட்ராக்ட் போய்விட்டது. எனக்கு இதைச் சொன்னது காபி கொண்டுவருகிறவர்தான். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நான் காபியைக் குடித்தேன்.

புதிதாக வந்தவர்கள் சுவரை உடைத்து, பைப் போட்டு, பெரிய கட்டடத்திலிருந்து பின்கட்டடம் வரை கேபிள் முழுவதையும் மாற்றினார்கள். வேலை முடிந்த அன்று மத்தியானமே நெட் படுத்துவிட்டது.

இப்போது குற்றம் சொல்ல யாரும் மிச்சமில்லை, என்னைத் தவிர. அப்போதுதான் அண்ணா கேட்ட கேள்வி உறைத்தது. நான் வந்தது கேபிளுக்குத் தெரியாது. ஆனால் என் பிங்குக்குப் பதில் சொன்ன ஏதோ ஒரு சாதனத்துக்குத் தெரியும்.

மறுநாள் போய் எதற்கும் பிங் அனுப்பாமல், வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, தேர்வுப் பிரிவுக்கு வரும் தகவலை மட்டும் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரவே கூடாத ஒன்று வெள்ளமாக வந்துகொண்டிருந்தது. ஹாஸ்டல் கேமராக்களின் படம். அது போய்ச் சேரவேண்டிய இடம் பெரிய கட்டடத்தில் இருக்கும் ரெக்கார்டர், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி. அதை மாட்டியது யார் தெரியுமா? நான்தான். கோளாறு ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

விஷயம் இதுதான். ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு சாதனத்துக்கு நாம் கொடுக்கும் எண், மேக் முகவரி என்பது அது பிறக்கும்போதே கொண்டுவரும் எண். எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று ரூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதற்கு ஏஆர்பி பட்டியல் என்று பெயர். எங்கள் ரூட்டர் அதை நாலு மணி நேரம் மறக்காது. எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில், அதாவது கேபிள் சொருகும் எந்தத் துளையில், இருக்கிறது என்று சுவிட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரு சாதனம் ஐந்து நிமிஷம் வாய் திறக்காவிட்டால் சுவிட்ச் அதை மறந்துவிடும். நான் மாட்டிய ரெக்கார்டரோ உம்மணாமூஞ்சி. வரும் படத்தை வாங்கி எழுதிக்கொள்ளும், எப்போதாவதுதான் பேசும். அதனால் ரூட்டர் 'இந்த மேக்குக்குக் கொடு' என்று படத்தை அனுப்பிக்கொண்டே இருக்க, சுவிட்ச் 'யாரப்பா அது?' என்று விழித்து எல்லா போர்ட்டிலும் அள்ளி ஊற்றியது. பெரிய கட்டடத்து லைன்கள் தாங்கிக்கொண்டன. பின்கட்டடத்துப் பழைய சுவிட்ச் பத்து மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. அது மூச்சுத் திணறியது. ரெக்கார்டர் எப்போதாவது வாய் திறந்தால் நெட் தானாக எழுந்துகொள்ளும். நான் வந்து பிங் அனுப்பினால் ரெக்கார்டர் பதில் சொல்லும், சுவிட்சுக்கு ஞாபகம் வரும், பிங்கை நிறுத்திய பிறகும் ஐந்து நிமிஷத்துக்கு எல்லாம் சரியாக இருக்கும். வைத்தியர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போதுமான நேரம்.

ரூட்டரின் ஏஆர்பி நேரத்தை நாலு நிமிஷமாகக் குறைத்தேன். இனி சுவிட்ச் மறப்பதற்கு முன்பே ரூட்டர் ரெக்கார்டரைக் கூப்பிட்டு விசாரிக்கும், பதில் வரும்போது சுவிட்சும் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு வரிக் கட்டளை. தட்டி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நெட் படுக்கவே இல்லை.

நான்காவது அறிக்கையில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாக அலுவலர் கடைசி வரியை மட்டும் படித்தார். பிரச்சினை தீர்ந்ததல்லவா, நல்லது என்று கன்னடத்தில் பாராட்டினார். கேபிள்காரரைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன். புது ஆட்களோடு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது என்றார். அறிக்கை அதே ஃபைலுக்குள் போனது.

அண்ணா குண்டலுபேட்டையில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் இருப்பதாகத் தெரிந்து பஸ் பிடித்துப் போனேன். அவரைவிடப் பாதி வயதுள்ள முதலாளி சொல்லச் சொல்ல ஒயர் அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத்தான் முதலில் இழுத்துப் போட்டார். உட்கார முடியவில்லை. நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னேன். வழக்கமாக எனக்கு வரும் ஜோக் ஒன்றுகூட வரவில்லை. அறிக்கையின் நகலை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்களே சார். படிச்சுச் சொல்லுங்க."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏஆர்பி, மேக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். 'கேபிளில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை' என்ற வரி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை மட்டும் இன்னொருக்கா படிங்க."

படித்தேன். கடை முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அண்ணா அவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றார். முதலாளிக்கு எதுவும் புரியவில்லை, அறுபது மீட்டர் ஒயர் என்னாச்சு என்று கேட்டார்.

"இதோ ஆச்சுங்க," என்று அண்ணா குனிந்தார். காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். குனியும்போது அது விழுந்துவிடாமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டே, மறு கையால் ஒயரை அளந்தார்.