இரவல் பங்கும் எட்டேகால் அழைப்பும்

பங்குத் தரகர் அலுவலகத்தில் அவளுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை: வாடிக்கையாளர்களுக்குப் பங்கு இரவல் பிடித்துக் கொடுப்பது. ஒரு பங்கின் விலை விழும் என்று நினைப்பவர்கள் அதை இரவல் வாங்கி விற்பார்கள். விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார்கள். அதுவரை தினமும் கட்டணம் ஓடும்.

காலை எட்டேகாலுக்கு, பெரிய ஃபண்டுகள் வைத்திருக்கும் பங்குகளை இரவலுக்கு விடும் ஒரு வங்கியிலிருந்து ஒருவர் அழைப்பார். "மேடம், இன்னைக்கு என்ன வேணும்?" அந்தக் குரலுக்காகவே அவள் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புவாள். முகம் பார்த்ததில்லை. அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, மகள் விடுதியில் படிக்கிறாள், மனைவி இறந்துவிட்டார், அவ்வளவுதான் தெரியும்.

வாடிக்கையாளரான பல் டாக்டர் ஒருவர் பேட்டரி கம்பெனிப் பங்கு ஐயாயிரத்தை இரவல் வாங்கி, ஒன்று நூறு ரூபாய்க்கு விற்றிருந்தார். ஆண்டுக்கு மூன்று சதவீதக் கட்டணம். பலரும் அதையே கேட்க, பங்கு கிடைப்பது அரிதாகி, கட்டணம் நாற்பதுக்குப் போனது. விலையும் இறங்காமல் நூற்று நாற்பதைத் தொட்டது.

ஒரு திங்கள்கிழமை எட்டேகால் அழைப்பில் வங்கிக்காரரின் குரல் தயங்கியது. "மேடம், ஃபண்டுக்காரங்க அந்தப் பங்கை வித்துட்டாங்க. மூணு நாள்ல திருப்பிக் குடுக்கணும்."

"வேற எங்கயாவது கிடைக்குமா?"

"தேடறேன். ஆனா எல்லாருக்கும் இதே கதைதான்."

டாக்டரிடம் உடனே வாங்கிவிடச் சொன்னாள்.

"நாளைக்கு இறங்கிடும்மா," என்றார் அவர்.

இறங்கவில்லை. இரவல் பறிபோனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். ஒவ்வொருவர் வாங்கியதும் அடுத்தவருக்கு விலையை ஏற்றியது. ஏறும் நஷ்டத்துக்கு ஈடாக டாக்டர் இரண்டு முறை கூடுதல் டெபாசிட் கட்டினார். மூன்றாம் நாள் விலை இருநூற்று அறுபது.

அன்று எட்டேகாலுக்கு முன்பே போன் அடித்தது. "ஒரு சின்ன ஃபண்டுல ஆயிரம் இருக்கு. கட்டணம் அறுபது சதவீதம். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"நீங்க தூங்கவே இல்லையா?"

அவர் சிரித்தார்.

ஆயிரத்தை மாற்று இரவலாக எடுத்து, மீதி நாலாயிரத்தை அந்த விலைக்கே வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். டாக்டருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் போயிற்று. இரண்டே மாதத்தில் பங்கு எண்பதுக்கு வந்தது.

"நான் சொன்னது சரிதானே?" என்றார் டாக்டர்.

"சரிதான் டாக்டர். ஆனா பங்கு நம்மளோடது இல்லையே."

அந்த வருடமே இரவல் கேட்பதெல்லாம் கணினித் திரைக்கு மாறியது. பங்கின் பெயரைத் தட்டினால் பதில் வந்துவிடும். யாரும் அழைக்க வேண்டியதில்லை. அவள் மட்டும் அதே பஸ்ஸில் வந்து, சந்தை திறக்கும்வரை போனைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு நாள் பழைய எண்ணை அழைத்தாள். இளம்பெண் ஒருத்தி எடுத்தாள்.

"சார் வேற ஊருக்கு மாறிட்டாரே. நம்பர் தரட்டுமா?"

இவள் பேனாவை எடுத்தாள். என்ன கேட்பது, என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்தாள். இருந்தாலும் பத்து இலக்கத்தையும் எழுதிக்கொண்டாள்.

இன்னும் அழைக்கவில்லை.