பன்னிரண்டு மணிக்கு வராத ரயில்

மாநாட்டு அரங்கின் பின்பக்க அறையில் அட்டவணை அக்கா மூன்று நாளாக ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் வைத்த பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக ரயில் நிலையத்துக்கும் அரங்குக்கும் நடுவே ஓடும் பேருந்துகளுக்கு நேரம் குறிப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு மாநாட்டுக்கும் புதிதாகக் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் கணவருக்கு முதுகு போய் இரண்டு வருடமாகிறது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

வருகிறவர்கள் பதிவு செய்யும்போது நிலையத்துக்கு வரும் நேரத்தையும் குறிப்பிடுவார்கள். அந்த நேரங்களை வைத்து அவள் பேருந்துகளைப் பிரிப்பாள். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம், ஏற்றி இறக்கப் பத்து நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு ஒரு மணி. பேருந்து நான்கு, ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து இருக்கை. இது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். தூக்கம்தான் வருவதில்லை.

இந்த முறை தாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது.

"மூணு பஸ்ஸைப் பன்னிரண்டுக்குப் போடுங்க அக்கா. கூட்டம் அங்கதான் இருக்கு," என்றார் மேலாளர். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, மடிக்கணினியை மடியை விட்டு இறக்காதவர்.

"பன்னிரண்டுக்கு ரயிலே இல்ல சார். பதினொன்று முப்பத்தஞ்சுக்கு ஒரு சின்ன வண்டி. அதுக்கப்புறம் ரெண்டு நாற்பதுதான்."

"அப்போ இவங்க எப்படி வர்றாங்க, பறந்தா?"

"படிவத்தத் திறந்தாலே அந்தக் கட்டத்துல பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. மாத்தணும்னு தோணாதவங்க அப்படியே விட்டுட்டாங்க."

மேலாளர் சிரிக்கவில்லை. ஓட்டுநர்கள் இரவு பத்து வரை ஓட்ட வேண்டும். அதனால் நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு கட்டாயம். மூன்று பேருந்துகள் பன்னிரண்டுக்கு ஓடினால் அவற்றின் ஓய்வு நான்கு மணி வரை இழுக்கும், ரெண்டு நாற்பதுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். போன வருடம் இப்படித்தான் நூறு பேர் மழையில் பெட்டியும் கையுமாக நின்றார்கள். தாளில் இருந்த நேரத்தை அப்படியே நம்பியவள் அவள். திட்டு முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது.

"தப்பாப் போனா அடுத்த தடவை உங்களைக் கூப்பிட முடியாது," என்றார் மேலாளர்.

 அவள் நூற்றுப் பன்னிரண்டு பேரில் கண்ட இடத்தில் விரலை வைத்து இருபது பேரை எடுத்து ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். காது கன்றிப்போனது. பதினைந்து பேர் ரெண்டு நாற்பது வண்டி. இரண்டு பேர் சின்ன வண்டி. இருவர் காரில் வருகிறார்கள். ஒருவர் வரவே போவதில்லையாம், அதைச் சொல்ல அவருக்கு அரை மணி பிடித்தது. இதே விகிதம்தான் என்றால் எண்பத்து நாலு பேர் ரெண்டு நாற்பதில் வருவார்கள். ரெண்டு நாற்பது என்றே சரியாக நேரம் கொடுத்தவர்கள் வேறு முப்பது. மூன்று பேருந்து போதும்.

சின்ன வண்டிக்கு ஒரு பேருந்தை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை ஓய்வில் போட்டாள்.

மாநாடு தொடங்கும் அன்று நிலைய வாசலில் அவளே போய் நின்றாள். பன்னிரண்டுக்கு ஒற்றைப் பேருந்து பதினொரு பேரோடு கிளம்பியது. மேலாளர் போன் மேல் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் தன் குரலே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். ரெண்டு நாற்பது வண்டி வந்தது. நடைமேடையிலிருந்து மக்கள் கொட்டினார்கள். தலையை எண்ணினாள்: நூற்று ஒன்பது. மூன்று பேருந்துகளும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டன. அப்பாடா என்று நடைமேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் மேலாளர் முதல் தடவையாகத் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

"அக்கா, நிஜமா கேக்குறேன். அடுத்த வருஷம் இந்தத் தொல்லையே வராம இருக்க என்ன பண்ணலாம்?"

அவளுக்குத் தெரியும். நேரத்தைக் கேட்கக் கூடாது, எந்த ரயில் என்று கேட்க வேண்டும். பட்டியலிலிருந்து ரயிலைத் தேர்ந்தெடுக்காமல் படிவம் நகரக் கூடாது. அப்படிச் செய்தால் கூட்டத்தையும் பேருந்தையும் அவருடைய கணினியே பிரித்துவிடும். இருபது பேருக்குப் போன் போட ஆள் தேவைப்படாது. கணவரின் முதுகு நினைவுக்கு வந்தது. 'தெரியல சார்' என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது.

போன வருடம் மழையில், கைக்குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு நின்ற ஒருத்தியின் முகமும் கூடவே வந்தது. அந்தப் பெண் யாரையும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ரயிலைக் கேளுங்க சார்," என்று ஆரம்பித்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவர் வேகவேகமாகத் தட்டெழுதிக்கொண்டார்.

"சூப்பர் அக்கா! அப்போ அடுத்த வருஷம் எல்லாம் தானா நடந்துடும்," என்றார் சந்தோஷமாக. சொன்ன பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார், தானா நடந்துடும்," என்றாள் அவள்.