கவுன் அக்கா ஒதுக்காத தெருக்கள்

திரும்பி வந்த பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளித் தள்ளி, இனித் தள்ள இடமில்லை என்றான பிறகுதான் அவள் அவற்றை வெளியே இழுத்துப் போட்டாள். அத்தனையும் அவள் தைத்த குழந்தைக் கவுன்கள். அத்தனையின் மேலும் கூரியர் ஆட்கள் ஒட்டிய ஒரே வாசகம்: 'வாங்க மறுத்துவிட்டார்.'

தெருவுக்கு அவள் கவுன் அக்கா. கணவன் கொத்தனார், வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீடு ஓடுவது தையல் மெஷினாலும், கைப்பேசியில் அவள் நடத்தும் கடையாலும்தான். பொருள் கைக்கு வந்த பிறகே காசு தருபவர்கள்தான் அவளிடம் வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முன்பணம் கட்டி ஏமாந்தவர்களுக்குத்தானே அந்தப் பயம் தெரியும்! ஆனால் ஒரு பை திரும்பினால் போன கூலி, வந்த கூலி இரண்டும் அவள் தலையில்.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்கடி" என்றாள் மாமியார்.

"கண்ணு வச்சவங்க ஸ்டிக்கரும் ஒட்டி அனுப்புவாங்களா அத்தை? இது மனுஷங்க செய்யற வேலை. யாருன்னு பாத்துடலாம்."

கூரியர் கிளை மேலாளர் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இப்படியே திரும்பிட்டிருந்தா, வாங்கறவங்ககிட்ட உங்களுக்காக காசு வசூல் பண்றத இந்த மாசத்தோட நிறுத்திடுவோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆர்டர் எடுக்காதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும். அங்க ஆளுங்களே அப்படித்தான்."

"அப்படித்தான்னா எப்படி சார்?"

அவர் அடுத்த ஆளின் பையை வாங்கி எடை போட ஆரம்பித்தார். பாதையைத் தாண்டிப் போகாதவர்கள்தான் அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி இத்தனை உறுதியாகப் பேச முடியும்.

வசூல் நின்றால் கடை நின்றது. கவுன் அக்கா ஒரு சட்டம் போட்டாள்: ஆர்டர் போட்டவர் போனில் 'வேணும்' என்று சொன்னால்தான் பை கட்டுவது, எடுக்காவிட்டால் ரத்து. போலி ஆர்டர்கள் உடனே உதிர்ந்தன. வெவ்வேறு பெயரில், ஒரே எண்ணிலிருந்து கவுன் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் போனில் சிரித்தான். அந்த எண்ணுக்குக் கதவைச் சாத்தினாள். ஆனால் பாதைக்கு அப்பால் இருந்து வந்த உண்மையான ஆர்டர்களும் கூடவே ரத்தாகிவிட்டன.

பை கட்டிக்கொண்டிருந்த நாத்தனார்தான் கேட்டாள். "அண்ணி, தெரியாத நம்பர்ல போன் வந்தா நானே எடுக்க மாட்டேன். நிறைய வீட்ல போனே புருஷன் சட்டைப் பையிலதான் இருக்கு. நீங்க பகல்ல கூப்பிட்டா யாரு எடுப்பா?"

கவுன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மேலாளர் அந்தப் பக்கத்தை ஒதுக்கச் சொன்னார். அவளோ தெரியாமலே அதைச் செய்து முடித்திருந்தாள்.

அன்றிலிருந்து குரல் செய்தி அனுப்பினாள். "நான்தான் கவுன் அக்கா பேசறேன். அஞ்சு வயசுக்குப் பச்சைக் கவுன் கேட்டிருக்கீங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னும் சொல்லுங்க."

புருஷன்மார் வீடு திரும்பியதும் பதில்கள் வந்தன. "வேணும்க்கா. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி சந்து, நீலக் கதவு."

அந்த நீலக் கதவுக்குப் போன பையும் திரும்பி வந்தது. 'வாங்க மறுத்துவிட்டார்.'

உடனே போன் போட்டாள். "யாருமே வரலக்கா" என்றாள் அந்தத் தாய். "புள்ள காலையிலேர்ந்து வாசலை விட்டு நகரல."

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவுன் அக்கா நேராகக் கிளைக்குப் போனாள். பை கொடுக்க வந்திருந்த சின்ன வியாபாரிகள் வரிசையில் நிற்க, மேலாளர் மேஜைமேல் போனை வைத்து, அந்தத் தாயை எல்லாரும் கேட்கப் பேச வைத்தாள்.

அந்தப் பக்கத்துப் பைகளைக் கொண்டுபோகும் டெலிவரிக்காரரை மேலாளர் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "சந்துக்குள்ள வண்டி போகாது சார். நடந்து போனா மத்த பை நின்னு போகும். 'போக முடியல'ன்னு போட்டா எனக்கு காசு பிடிக்கிறீங்க. 'மறுத்துட்டாங்க'ன்னு போட்டா பிடிக்கிறதில்ல."

"இந்த அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்ல" என்றாள் கவுன் அக்கா. "பொய் சொன்னாத்தான் கூலி முழுசா வரும்னு வச்சது யாரு? வாங்கறவங்க மறுத்தா அவங்க போனுக்கு ஒரு நம்பர் வரட்டும். அதை அவங்க இவர்கிட்ட சொன்னாத்தான் மறுத்ததாக் கணக்கு."

"அந்த வசதி பெரிய வியாபாரிகளுக்கு மட்டும்தாம்மா."

"அப்போ பொய் மட்டும் சின்ன வியாபாரிக்கா?"

வரிசையில் நின்ற செருப்பு வியாபாரி உரக்கச் சிரித்தார். "எனக்கும் அந்த நம்பரைப் போட்டு விடுங்க சார்." பின்னால் இருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கலையாமல் நிற்க, மேலாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவர்களுக்கும் அந்த வசதியைப் பதிய ஆரம்பித்தார்.

திரும்புவது அறவே நிற்கவில்லை. அளவு சேராமல் சில திரும்பி வந்தன. அது தன் தவறு என்று வயதைக் கேட்பதை விட்டு, தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து சொல்லச் சொன்னாள். மற்றவை வெகுவாகக் குறைந்தன.

மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். "வசூல் தொடரும்மா. இருந்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுட்டீங்கன்னா எங்களுக்கும் சுலபம்..."

"சார், இன்னைக்கு மூட்டையில பாதி அங்கதான் போகுது. வண்டி போகலன்னா இறங்கி நடக்கச் சொல்லுங்க. நடக்கறதுக்கும் சேத்துக் கூலி குடுங்க."

அவர் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டு, மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.