ஞானசெல்வியின் நார்மல் பேப்பர்

குளச்சல் பக்கம் வீடு வீடாக மீன் விற்ற ஞானசெல்விக்கு நாற்பத்தேழு வயதில், 2012இல், தீட்டு தாறுமாறானது. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. நெஞ்சிலிருந்து முகத்துக்குத் திடீரென்று ஒரு சூடு ஏறி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். தூக்கம் போயிற்று. யார் எதைச் சொன்னாலும் எரிந்து விழுந்தாள்.

கணவன் ஜான்ரோஸ் ஜங்ஷன் லேப்புக்குக் கூட்டிப்போய் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தான். நார்மல் என்று வந்தது. எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரை ஊர் முழுக்கச் சொன்னான்: "நோவு ஒண்ணும் கெடையாது. வேலைக்குப் போக மடி புடிச்சி அவ நடிக்கா."

"நடிப்பு இல்ல, பேய்" என்றாள் அவன் அக்கா ஜெபகனி. ஒரு ஜெபவீட்டில் கொண்டு விட்டார்கள். மூன்று நாள் பட்டினி. இரண்டாம் நாள் உச்சி வெயிலில் சூடு ஏறியபோது ஞானசெல்வி ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியளா, பிசாசு எரியுது!" என்று கத்தி ஜெபகனி அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, ஜெபக்காரர் பிரம்பால் முதுகில் அடித்தார். ஜான்ரோஸ் வாசலில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை.

புண் ஆறுமுன் அவள் ஜான்ரோஸின் சட்டைப்பையிலிருந்து லேப் பேப்பரை எடுத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அஸ்வதி வயதைக் கேட்டார், தீட்டின் கணக்கைக் கேட்டார், சூட்டையும் தூக்கத்தையும் கேட்டார். கர்ப்பம், தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் பார்த்து, இல்லை என்று உறுதி செய்தார். ரத்தம் அதிக நாள், அதிகமாகப் போனதால் கர்ப்பப்பையை ஸ்கேனும் செய்தார். பிறகுதான் லேப் பேப்பரை எடுத்தார்.

"அக்கா, தீட்டு நிக்கப்போற காலம் இது. இந்த ஹார்மோன் இன்னைக்கு ஏறும், நாளைக்கு எறங்கும். டெஸ்ட் எடுத்த அன்னைக்கு நார்மலா இருந்திருக்கு, அவ்வளவுதான். நாப்பத்தஞ்சு தாண்டுனவங்களுக்கு வயசும் நீங்க சொல்லுறதும் வச்சுத்தான் நாங்க தீர்மானிக்கோம். ரத்தத்த வச்சு இல்ல."

"அப்போ நான் நடிக்கல்லியா டாக்டரே?"

"இல்லக்கா. முதுகுல என்ன, ரத்தம் ஒட்டியிருக்கு?"

அவள் முந்தானையை முதுகில் இழுத்துவிட்டுக்கொண்டாள். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். ஜான்ரோஸ் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்போ நீ கெழவியாயிட்ட. இதுக்கா இத்தன ஆட்டம்?" மாலைக்குள் அதையும் கரை முழுக்கச் சொல்லிவிட்டான். ஜெபகனியோ, "பிரம்படி பட்ட பொறவுதானே தெளிஞ்சா" என்று அண்டைவீட்டில் பேசினாள்.

மாத்திரையில் இரண்டு மாதத்தில் சூடு குறைந்தது, தூக்கம் வந்தது. ஞானசெல்வி மறுபடியும் மீன் கொண்டுபோனாள். வாங்க வந்த பெண்கள் குனிந்த அவள் முதுகில் தழும்பைப் பார்த்து, பேய் போன கதையை அவளிடமே கேட்டார்கள். அவள் மீனை வெட்டிக் கொடுத்தாள்.