பதினொரு ஹோட்டல் நாட்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாரும் சொன்னதுதான், ஆனால் ஒரு டாக்டர் அதை மிஷின் வைத்து அளந்து காகிதத்தில் எழுதிய பிறகுதான் நானே நம்பினேன்.

அப்போது நான் கப்பலில் டெக் கேடட். அதாவது, ஆபீசர் ஆகப்போகிறவள். ஆனால் ஆகிற வரைக்கும் துரு சுரண்டு, பெயின்ட் அடி, கயிற்றை இழு, மேலே கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் போய் நின்று ஆபீசர் செய்வதைப் பார் என்று எல்லாரும் ஏவுகிற ஆள். நான் படித்த படிப்புக்கு, கப்பலில் பதினெட்டு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பரீட்சை, வாய்மொழித் தேர்வு, தகுதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் ஆபீசர் வேலை. அதுவரை துருதான்.

இரண்டாவது கப்பலை முடித்துவிட்டு லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் கணக்குப் போட்டேன். முதல் கப்பல், இரண்டாவது கப்பல், இரண்டையும் கூட்டினால் பதினெட்டு மாதம் இரண்டு நாள். "முடிஞ்சுது!" என்று கத்தினேன். அப்பா ஓடிவந்து என் தலையில் கை வைத்து ஜெபமே பண்ணிவிட்டார்.

அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய பிளவுஸுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "இன்னும் ஒன்பது நாள் இருக்கேடி" என்றாள்.

"என்னது?"

"ஒன்பது நாள் கொறையுது. நான் காலண்டர்ல போட்டு வச்சிருக்கேன்."

அம்மாவின் காலண்டர் சர்ச்சில் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு வசனம், கட்டம் கட்டமாகத் தேதி. நான் கப்பலில் இருந்தபோது தினமும் காலையில் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போட்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. "கப்பலைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்? கப்பல்ல இருந்தது நானா நீயா? கொக்கி வைக்கிற வேலையைப் பாரு!" என்றேன். அம்மா வாயை மூடிக்கொண்டு கொக்கியை வைத்தாள். அப்படி அவள் பேசாமல் இருந்தால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்காக ஸ்தோத்திர ஜெபம். பாஸ்டர் என்னை முன்னால் நிற்கவைத்து, "நம்ம சபையிலிருந்து முதல் கேப்டன்" என்று அறிவித்தார். கேப்டனாவது, கிப்டனாவது! இன்னும் பரீட்சைக்கே போகவில்லை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்தால் கேக், வடை, காபி. ஜீவனஹள்ளியிலிருந்து வந்த சித்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

பரீட்சைக்கான விண்ணப்பத்தைப் போட்டேன். பதில் வந்தது. கடல்பணி ஒன்பது நாள் குறைவு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது! எட்டில்லை, பத்தில்லை. அலமாரியிலிருந்து என் கடல் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். மாலுமிகள் எல்லாருக்கும் ஒன்று இருக்கும், எந்தக் கப்பலில் என்றைக்கு ஏறினோம், என்றைக்கு இறங்கினோம் என்று கேப்டன் எழுதி முத்திரை குத்துகிற புத்தகம். பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டாவது கப்பலுக்காக நான் சிங்கப்பூர் போய் இறங்கியபோது கப்பல் வந்துசேரவில்லை. பதினொரு நாள் ஹோட்டலில் உட்காரவைத்தார்கள். காலையில் முட்டை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் நடை. நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே கம்பெனி சம்பளம் போட்டதால், அன்றிலிருந்தே கடல்நாளும் ஓடுகிறது என்று நான் நினைத்துவிட்டேன். கடல்நாள், கப்பலில் கையெழுத்துப் போட்டு ஏறிய தேதியிலிருந்துதான். ஹோட்டல் மிதக்காது. இது முதல் கப்பலுக்குப் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புத்தகம் கையில் இருந்தும் நான் விமான டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஆட்களைக் கப்பலுக்கு அனுப்புகிறவருக்குப் போன் போட்டேன். "சார், ஒரே ஒரு ஒன்பது நாள் மட்டும்..."

"ஏம்மா, கப்பல் என்ன ஆட்டோவா, ரெண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட?" என்றார். கேடட்டுகள் வரிசையாகக் காத்திருக்கிறார்களாம். எனக்கு அடுத்த இடம் எப்போது என்று சொல்ல முடியாதாம். பிறகு மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். மும்பையில் ஒரு கப்பல், கடைசி நேரத்தில் ஒரு பையன் காலை உடைத்துக்கொண்டான், குறைந்தது நாலு மாதம், போகிறாயா? போகிறேன் என்றேன். "உன் மெடிக்கல் அடுத்த மாசம் முடியுது. புது மெடிக்கல் சர்டிபிகேட் இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்கு மெயில்ல வரணும். வரலைன்னா அடுத்த ஆளை அனுப்பிடுவேன். கோச்சுக்காதே."

அந்த நாலு மாதத்தை விட்டால் அடுத்தது எப்போதோ, யாருக்குத் தெரியும். சபைக்கு முன்னால் கேப்டனாக நின்றவள் கேடட்டாகவே கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியது. அழுகை வந்தது, கோபமும் வந்தது.

கப்பல்காரர்களுக்கு எல்லா டாக்டரும் கொடுக்கிற மெடிக்கல் செல்லாது. அங்கீகாரம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். கடலே இல்லாத பெங்களூரில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீ எதுக்கு?" என்றேன். "ரத்தம் எடுப்பாங்க, மயக்கம் வந்தா யார் புடிப்பா?" என்றாள். வழியெல்லாம் வண்டிகள். ஒரு பஸ்காரனோடு நான் தமிழில் சண்டை போட்டேன், அவன் கன்னடத்தில் போட்டான், அம்மா இரண்டிலும் மன்னிப்புக் கேட்டாள்.

கிளினிக்கில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. கண்ணாடி போடாமல் கடைசி வரி எழுத்து வரை படித்தேன். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் வண்ணப் புத்தகத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. காதும் பாஸ். கடைசியில் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். மிஷின் நூற்றைம்பத்தாறுக்கு நூறு என்று காட்டியது.

"கோபமா இருக்கீங்களா?" என்றார்.

"இல்லையே!" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான் டாக்டர்," என்றாள் அம்மா. "பொறந்தப்போ நர்ஸை எட்டி உதைச்சா."

"அம்மா!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் வெளியே அமைதியாக உட்காருங்கள், போன் கூடாது, பேச்சு கூடாது, மறுபடி பார்க்கிறேன் என்றார். அப்போதும் இறங்காவிட்டால் இன்றைக்குச் சர்டிபிகேட் தரமுடியாது, வேறு டாக்டரிடம் காட்டி நாள் முழுக்க பி.பி. அளந்து வரவேண்டும். சுவரில் மணி மூன்றே முக்கால்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். மூச்சை இழு. ஏன் இப்படி இழுக்கிறே, மெதுவா இழு. காலையில ஊறுகாய் வேணாம்னு சொன்னேனா இல்லையா? கர்த்தரை நெனைச்சுக்கோ. மணியைப் பாக்காதே. நாலாகப் போகுது.

நர்ஸ் வந்து அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஸ்வல்ப சும்னிரி," என்று கன்னடத்தில் அடக்கினாள். அம்மா சும்மா இருந்தாள். இரண்டு நிமிடம் இருந்திருப்பாள். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்குப் பழைய குடைச்சல் ஒன்று கிளம்பியது. பேச்சு கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அம்மா. ஒன்பது நாள்னு எப்படிச் சொன்னே? யார் சொல்லிக் கொடுத்தா?"

"யார் சொல்லணும்? கோட்டை எண்ணினேன். ஹோட்டல் நாளுக்குக் கோடு இல்லையே."

"அதான், அந்தப் பதினொரு நாளைக்கு மட்டும் ஏன் கோடு போடலை? நான் வீட்டைவிட்டுப் போயாச்சே."

அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீ அப்போ தரையிலதானே இருந்தே? ஹோட்டல்ல. சாப்பிட்டேன், தூங்கினேன்னு போன் பண்ணுவே. நானும் நல்லாத் தூங்கினேன். நான் தூங்காத ராத்திரிக்குத்தான்டி காலையில எழுந்து கோடு போடுவேன்."

பதினெட்டு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைய, அத்தனை இரவு. நான் பிரிட்ஜில் நின்று நட்சத்திரம் பார்த்துக்கொண்டு, ஆகா என்ன வாழ்க்கை என்று இருந்த அத்தனை இரவும் இவள் லிங்கராஜபுரத்தில் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். கொக்கி வைக்கிற வேலையைப் பாரு என்று நான் சொன்னேனே, அது அப்போது என்னை வந்து குத்தியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

"இதென்ன புதுசா," என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. நாலே காலுக்கு நர்ஸ் கூப்பிட்டாள்.

நூற்றிருபத்தாறுக்கு எண்பது. டாக்டர் நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். அதேதான். "மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். "இல்ல டாக்டர், கணக்குப் பார்த்தோம்," என்றாள் அம்மா. அவர் கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்கு மெயில் போனது.

மும்பையிலும் கப்பல் தாமதம்தான். இரண்டு நாள் ஹோட்டல். இந்த முறை டிக்கெட்டைத் தொடவே இல்லை. வீட்டுக்குப் போன் பண்ணி, "அம்மா, இன்னும் ஏறலை. தரையிலதான் இருக்கேன். நல்லாத் தூங்கு," என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் கப்பலுக்குப் போனேன். கேப்டன் என் புத்தகத்தில் தேதியை எழுதி முத்திரையைக் குத்தினார். அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, டெக்கில் சிக்னல் கிடைக்கிற மூலைக்கு ஓடினேன்.

"அம்மா, ஏறிட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"இரு," என்றாள் அம்மா. "பென்சிலை எங்கே வச்சேன்னு பார்க்கிறேன்."