ஆச்சரியக்குறிக்கு மேலே இருந்த வரி

2006 ஜூலை 20, வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, எங்கள் கணித ஆய்வுக்கூடத்தில் என் ஜூனியர் தன் ஆய்வேட்டை, அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் ஓட்டினாள். பிடிஎஃப் வரவில்லை.

அவளுடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டை வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு படுத்திருந்தார். மகளின் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்டிருந்தார். ஸ்கூட்டரில் போனால் வீடு கால் மணி நேரம்தான்.

பிழைச்செய்திகளைப் படிப்பதில் அங்கே நான்தான் கெட்டிக்காரன் என்று பெயர். ஓட்டத்தில் நடந்ததையெல்லாம் லேடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறப்பேன். ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியைத் தேடுவேன். அங்கிருந்து கீழே படிப்பேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்று அந்த வரி, ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு முடிந்துவிட்டது என்றது. அதற்குக் கீழே, எமர்ஜென்சி ஸ்டாப்.

"இன்னிக்கு எதத் தொட்ட?"

"கடைசில ரெஃபரன்ஸ் பதினொண்ணு சேத்தேன். முன்னாடி அப்பாவுக்கு டெடிகேஷன். அது நாலு வரிதாண்ணா."

"கோப்பு முடியற எடத்துலதான் நிக்குது. ரெஃபரன்ஸ்லதான் எங்கியோ பிராக்கெட்ட மூடாம வுட்டுருக்க."

"நீங்க சொன்னா சரியாதாண்ணா இருக்கும். எங்க ஊட்டு டாக்டர விட உங்கள நம்பறேன்" என்று சிரித்தாள்.

பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பிறகு பட்டியலையே எடுத்துவிட்டு ஓட்டினோம். அதே செய்தி. மணி நான்கைத் தாண்டியது. அப்போதுதான் என் கண் தற்செயலாக ஆச்சரியக்குறிக்கு மேலே போனது. கோப்பு முடிந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் அதற்கு மேலே அச்சாகும் 'ரன்அவே ஆர்க்யுமென்ட்?' என்ற கேள்வி. அதையடுத்து, மூடாமல் ஓடிப்போன பகுதியின் தொடக்கமாக அவள் அப்பாவுக்கு எழுதிய ஆங்கில வரி, 30 என்ற எண்ணோடு அறுந்து நின்றது. அவள் கோப்பில் அது முழுதாக இருந்தது: முப்பது சதவீத மூச்சில் என்னைப் படிக்க வைத்தவருக்கு.

30-க்குப் பக்கத்தில் வெறும் சதவீதக் குறி. அந்தக் குறிக்குப் பின்னால் அதே வரியில் உள்ளதை லேடெக் படிக்காது. மூட வேண்டிய அடைப்புக்குறி அங்கேதான் இருந்தது. சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டேன். நான்கு இருபத்தைந்துக்கு பிடிஎஃப் வந்தது.

முதல் பக்கம் பிரிண்டரில் வந்துகொண்டிருந்தபோது ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. அவள் தம்பி. நாலு பத்துக்கே அப்பா போய்விட்டார் என்றான். அவள் அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடியே படியிறங்கினாள்.

கருமாதி முடிந்து வந்தவள் என் மேசையருகே நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு எங்கப்பா வரி லாக்ல மொதல்லேந்தே இருந்துச்சா?"

"இல்லம்மா. ரெஃபரன்ஸ எடுத்தப்புறந்தான் காட்டுச்சு."

தலையசைத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனாள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பழைய லாக்கின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். இரண்டு ஐந்தின் லாக் எங்கேயும் இல்லை. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.