பீரோவுக்குள் வைஃபை

விலையுள்ள எதையும் இரும்பு பீரோவில் பூட்டினால்தான் என் அண்ணனுக்குத் தூக்கம் வரும். புது ரவுட்டரையும் விட்டுவைக்கவில்லை. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயரை உள்ளே இழுத்து, அதையும் வைத்துப் பூட்டிவிட்டார்.

அண்ணி வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துபவர். பாடத்தின் நடுவே படம் அடிக்கடி உறைந்து நின்றது.

"நூறு எம்பி பிளான் பத்தல. இருநூறுக்கு மாறிடலாம்," என்றார் அண்ணன்.

"மொதல்ல எங்க குறையுதுன்னு பாப்போம்."

அண்ணி பீரோவைத் திறந்து, லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வேகத்தைச் சோதித்தார். ஏறக்குறைய நூறும் வந்தது. கொடுக்கிற காசுக்கான வேகம் வீட்டுக்குள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. கேபிளைக் கழற்றி, அங்கேயே நின்று வைஃபையில் பார்த்தார், தொண்ணூறு. பீரோவை மூடிவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் பார்த்தார், ஐந்து.

திரும்பி வந்து ரவுட்டரை வெளியே எடுத்து பீரோவின் மேல் வைத்தார். மறுபடி தன் அறைக்குப் போய்ப் பார்த்தார், இப்போது எழுபது வந்தது.

"அப்ப பிளான் மாத்த வேணாமா?" என்று அண்ணன் இழுத்தார்.

"இருக்கற வேகத்தையே பூட்டி வச்சிருந்தீங்க. இன்னும் வாங்கி அதையும் பூட்டவா?"